ஒரே மாதிரி வரிகள்

எனக்கு மூக்குக்கு மேலே கோபம் வரும். பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியில் இருபத்திரண்டு வருஷமாகப் புள்ளியியல் நடத்துகிறேன். என் வகுப்பில் யாரும் சந்தேகம் கேட்பதில்லை. நான் அவ்வளவு தெளிவாக நடத்துகிறேன் என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். கேட்டால் கடித்துக் குதறிவிடுவேன் என்று பயந்துதான் கேட்கவில்லை என்பது தானியேல் செத்த பிறகுதான் மண்டையில் ஏறியது.

தானியேல் என் ஆற்று ஆராய்ச்சிக்கு வேலை பார்த்த ஆள். சேரன்மகாதேவிக்குக் கீழே ஆற்றங்கரையில் எண்கள் எழுதிய அளவுகோல் ஒன்றை நட்டு வைத்திருந்தோம். காலையில் ஆறு மணிக்கு அதன் முன்னால் போய் நின்று, தண்ணீர் எந்த எண்ணைத் தொடுகிறது என்று நோட்டில் பென்சிலால் எழுதுவார். அதையே எனக்கு ஒரு செய்தியாகவும் அனுப்புவார். நான்கு வருஷத்தில் ஒரு நாள் தவறியதில்லை. மகள் ஞானஸ்நானம் அன்றுகூட ஆற்றுக்குப் போய்விட்டுத்தான் கோயிலுக்கு வந்தார்.

கோடையில் ஆறு கிடந்த இடத்தில் கிடக்கும். ஒரு வருஷம் தொடர்ந்து முப்பத்தெட்டு நாள் 0.42, 0.42 என்றே செய்தி வந்தது. ஒரு காலையில் எரிச்சலில் கூப்பிட்டு, மாறாத நாளைக்கு எதற்கு அனுப்புகிறீர், மாறினால் அனுப்பினால் போதாதா என்று கத்தினேன். அவர் கொஞ்சமும் சூடாகவில்லை.

“மாறலங்கிறத வேற ஆரு சார் சொல்லுவா?” என்றார்.

அடுத்த நாளும் 0.42 வந்தது. இந்த ஆளைத் திருத்த முடியாது என்று விட்டுவிட்டேன்.

கார்த்திகையில் இரண்டு நாள் விடாமல் மழை கொட்டியது. மூன்றாம் நாள் காலை ஆறு பத்துக்கு அவருடைய செய்தி வந்தது. 4.85 என்று மட்டும் இருந்தது. அந்த அளவுகோலே ஐந்து மீட்டர்தான். உடனே கூப்பிட்டேன், மணி அடித்துக்கொண்டே இருந்தது. கரை உடைந்து அவரைக் கொண்டுபோனதை எதிர்க்கரையில் மாடு அவிழ்க்க வந்த இரண்டு பேர் பார்த்திருக்கிறார்கள். நாங்கள் வாங்கிக் கொடுத்த மஞ்சள் மழைக்கோட்டைப் போட்டிருந்தாராம். அந்த மஞ்சள் கொஞ்ச தூரம் தெரிந்ததாம்.

அவருடைய மனைவி சாலோமி ஒரு பள்ளிக்கூடத்தில் தையல் டீச்சர். தண்ணீர் கொஞ்சம் வடிந்ததும் கரைக்கு வந்து, படித்துறையில் மேலே இருந்து இரண்டாவது கல்லில் உட்கார்ந்துவிட்டார். யார் கூப்பிட்டும் எழுந்திருக்கவில்லை. ஆள் பிழைத்திருப்பார் என்ற எண்ணம் அவருக்கு இல்லை. அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். சபைக் கல்லறைத் தோட்டத்தில் மாமனார் மாமியாருக்குப் பக்கத்தில் தானியேலுக்கு ஆறடி இடம் இருக்கிறது. அங்கே அவரைக் கொண்டுபோய் வைக்க வேண்டும்.

ஆறு அவரைக் கொண்டுபோன நான்காம் நாள் மீட்புப் படை வந்தது. பொறுப்பில் இருந்தவர் செந்தில்முருகன், வள்ளியூர்க்காரர், குறைவாகப் பேசுகிறவர். கையில் இரண்டு படகு, பன்னிரண்டு ஆள், இரண்டே நாள். அதற்குப் பிறகு அவர்கள் வேறு ஊருக்குப் போயாக வேண்டும். அவர் முன்னால் இரண்டு வழி இருந்தது. அளவுகோலுக்குக் கீழே ஒரு பழைய தடுப்பணை உண்டு. அதன் அடியில் எண்பது மீட்டர் நீளத்துக்கு ஒரு கசம், இருபது முப்பது அடி ஆழம். உடைந்த கான்கிரீட்டும் கம்பியும் உள்ளே நீட்டிக்கொண்டிருக்கும். அதில் ஆளை இறக்கித் தேடினால் இரண்டு நாளும் அதற்கே சரியாகிவிடும், இறங்குகிறவனுக்கும் ஆபத்து. கசத்தைத் தாண்டினால் ஏழு கிலோமீட்டருக்கு நாணலும் கோரையும் மண்டிய மணல்காடு. படகில் போய்த் தேடினால் அதற்கும் இரண்டு நாள் ஆகும்.

“சார், நீங்க ஆத்தைக் கணக்குப் போட்டு வச்சிருக்கியன்னு தாசில்தார் சொன்னாரு. ஒண்ணு மட்டும் சொல்லுங்க. கசமா, காடா?”

சொல்ல முடியும் என்றுதான் நான் நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன், அதுதான் கொடுமை. நான்கு வருஷத்து நீர்மட்டம் முழுக்க தானியேல் எழுதியதே என்னிடம் இருந்தது. தண்ணீரின் வேகம் எந்த இடத்தில் எவ்வளவு என்று தெரியும். முந்தைய வெள்ளங்களில் ஆடு, மாடு, ஆள் எங்கெங்கே கரை ஒதுங்கின என்ற பழைய பதிவுகளும் இருந்தன. அவருடைய குடை தடுப்பணைக்கு மேலேயே சிக்கிக் கிடைத்திருந்தது. இவற்றை வைத்து, ஆற்றில் ஏதாவது ஒரு இடத்தைக் காட்டினால் அங்கே அவர் இருக்க எவ்வளவு வாய்ப்பு என்பதை இன்னொரு இடத்தோடு ஒப்பிட்டுச் சொல்ல முடியும். ஆனால் மொத்த ஆற்றுக்கும் நூற்றுக்கு இத்தனை என்று நேரடியாகப் போட முடியாது. அதற்குத்தான் மெட்ரோபோலிஸ் முறை.

வகுப்பில் நான் இதை இப்படித்தான் சொல்வேன். கணினிப் புரோகிராம் ஆற்றில் ஓரிடத்தில் நிற்கிறது. அங்கிருந்து கண்ணை மூடிக்கொண்டு மேலேயோ கீழேயோ ஒரு கிலோமீட்டர் வாக்கில் ஒரு புது இடத்தைத் தேர்ந்தெடுக்கிறது. புது இடத்துக்கு வாய்ப்பு அதிகம் என்றால் யோசிக்காமல் அங்கே போய்விடும். குறைவு என்றால் எத்தனை பங்கு குறைவு என்று பார்க்கும். நாலில் ஒரு பங்குதான் என்றால், நாலில் ஒரு தடவை போகும், மூன்று தடவை போகாது. போவதா வேண்டாமா என்பதைச் சீட்டுக் குலுக்குவது மாதிரி ஒரு எண்ணை எடுத்து முடிவு செய்யும். போனால் புது இடத்தை ஒரு வரியாக எழுதும். போகவில்லை என்றால் நிற்கிற இடத்தையே மறுபடியும் ஒரு வரியாக எழுதும். இப்படி லட்சம் தடவை. கடைசியில் எந்த இடத்தின் பெயரில் எத்தனை வரி இருக்கிறதோ, அதுதான் அந்த இடத்தின் வாய்ப்பு.

நிற்கிற இடத்தை மறுபடி எழுத வேண்டும் என்பதை வருஷா வருஷம் கரும்பலகையில் அடிக்கோடு போட்டுச் சொல்கிறவன் நான். அடேயப்பா, எத்தனை பேருக்கு அதற்காக மார்க்கைக் குறைத்திருக்கிறேன்!

அன்று காலை துறையின் கணினியில் புரோகிராமை ஓட்டினேன். ஒன்றுக்கொன்று தள்ளி இருக்கும் நான்கு இடங்களில் இருந்து கிளப்பினேன். தொடக்கத்து வரிகளைத் தள்ளிவிட்டு, ஒவ்வொன்றிலும் இருபத்தைந்தாயிரம் வரி எடுத்தேன். நான்கும் ஒன்றுபோலவே நடந்தன. நடந்த தடத்தைத் திரையில் வரைந்து பார்த்தேன். நாணல்காட்டில் கோடு மேலும் கீழும் துடித்தது. கசத்துக்கு வந்ததும் அசையாமல் நேராக நீண்டது, பிறகு வெளியே போனது, திரும்ப வந்து மறுபடி நேராக நீண்டது. புரோகிராம் சரியாக ஓடுகிறது என்று திருப்திப்பட்டேன். எத்தனை வரி எங்கே என்று எண்ணவில்லை. அதற்குள் தாசில்தார் கூப்பிட்டுவிட்டார்.

எண்ணி வரைபடம் போடும் வேலையை ஸ்டெபியிடம் விட்டேன். அவள் புவியியல் துறை ஆராய்ச்சி மாணவி, எங்கள் ஆராய்ச்சிக்கு வரைபடம் போடுகிறவள். புள்ளியியல் படித்தவள் இல்லை. அதற்கு முந்தின மாதம் முழுக்க ஓர் அலுவலகத்தில் உட்கார்ந்து வீடு வீடாக எடுத்த கணக்கெடுப்பைச் சரிபார்த்திருந்தாள். ஒரே குடும்பம் இரண்டு முறை பதிவாகியிருந்தால் ஒன்றை எடுத்துவிட வேண்டும், அதுதான் வேலை. ஆயிரக்கணக்கான வரிகளை அப்படி எடுத்துக் கை பழகியிருந்தது.

நான் கரையில் நின்று தாசில்தாரோடு படகுக்கு டீசல் வரவில்லை என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தபோது அவளிடமிருந்து ஒரு செய்தி வந்தது. பார்த்தேன், ஏதோ பதில் போட்டேன், போனைப் பைக்குள் வைத்தேன். அரை மணி நேரத்தில் வரைபடம் வந்தது. கசத்துக்கு நூற்றுக்கு ஏழு, கீழே காட்டுக்குத் தொண்ணூற்று மூன்று.

எனக்குக் கொஞ்சம் ஆச்சரியமாகத்தான் இருந்தது. ஆனால் எண் வந்துவிட்டது, செந்தில்முருகன் எதிரில் நிற்கிறார், படித்துறையில் சாலோமி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார். என் குரல் எப்போதும் போலத் தெளிவாக இருந்தது.

“காடு. கசத்துல ஆள இறக்காதிய, வீண்” என்றேன்.

இரண்டு நாளும் அந்தப் பன்னிரண்டு பேரும் நாணலைப் பிரித்துப் பிரித்துத் தேடினார்கள். கால் முழுக்கக் கீறலோடு வந்தார்கள். ஒரு கன்றுக்குட்டி கிடைத்தது, ஒரு கதவு கிடைத்தது. ஐந்தாம் நாள் இருட்டுவதற்குள் படகை லாரியில் ஏற்றிவிட்டார்கள். செந்தில்முருகன் சாலோமியிடம் போய்த் தொப்பியைக் கழற்றிக்கொண்டு ஏதோ சொன்னார். அவர் தலையை மட்டும் ஆட்டினார். எட்டாம் நாள் தடுப்பணையில் மண் அடைத்துவிட்டது என்று அடி ஷட்டரைத் திறந்துவிட்டார்கள். வெள்ளத்துக்குப் பிறகு எப்போதும் செய்கிற வேலைதான் அது. கசத்தில் தேங்கியிருந்த தண்ணீர் சேறோடு ஒரு பகல் முழுக்கச் சுழன்று வெளியேறியது.

சாலோமி அதே கல்லில்தான் இருந்தார். காலையில் ஆறு மணிக்கு வருவார், பள்ளிக்கூடம் திறந்த பிறகு எட்டரைக்கு எழுந்து போவார், மாலையில் மறுபடி வருவார்.

பதினைந்தாம் நாள் கல்லூரியில் ஓர் அறிக்கை கேட்டார்கள். எப்படிக் கணக்கிட்டோம் என்று நான்கு பக்கம் எழுத வேண்டும். எண்களைச் சரிபார்ப்போம் என்று மூலக் கோப்பைத் திறந்து நானே எண்ணினேன். ஒரு லட்சம் வரியில் கசத்தின் பெயரில் அறுபத்திரண்டாயிரத்துச் சொச்சம் இருந்தது.

திரும்ப எண்ணினேன். அதே எண். ஸ்டெபியின் கோப்பைத் திறந்தேன். அதில் மொத்தமே முப்பத்தாறாயிரம் வரிதான். ஒன்றைப்போல ஒன்று இருந்த எல்லா வரியையும் எடுத்திருந்தாள். காட்டில் புரோகிராம் அநேகமாக ஒவ்வொரு அடிக்கும் இடம் மாறியது, அதனால் அங்கே பெரிதாக எதுவும் குறையவில்லை. கசத்தில் அது நகர மறுத்து நின்றது. வெளியே எங்கே பார்த்தாலும் வாய்ப்பு நூறில் ஒரு பங்குதான், அதனால் போகவில்லை. இருபது முப்பது தடவை அதே இடம், அதே இடம் என்று எழுதியிருந்தது. அந்த முப்பதும் ஒன்றாகிவிட்டது. அறுபத்திரண்டாயிரம், இரண்டாயிரத்து ஐந்நூறாகச் சுருங்கிப்போயிருந்தது.

ஸ்டெபியைக் கூப்பிட்டு அனுப்பினேன். கதவு திறந்திருந்தது, வராந்தாவில் பிள்ளைகள் நின்றார்கள், எதையும் நான் பார்க்கவில்லை. நீ என்ன செய்திருக்கிறாய் தெரியுமா, ஒரு மனுஷனை ஆற்றோடு விட்டுவிட்டாய், உன்னையெல்லாம் யார் ஆராய்ச்சிக்குச் சேர்த்தது என்று வாய்க்கு வந்தபடி பேசினேன். அவள் அழவில்லை. முகம் வெளுத்துப்போய் நின்றாள். நான் மூச்சு வாங்க நிறுத்தியபோது, போனைத் திறந்து என் மேஜைமேல் வைத்தாள்.

‘சார், ஒரே வரி திரும்பத் திரும்ப வருது. எடுத்துரவா, இல்ல அப்படியே இருக்கட்டுமா?’ என்று அவள் கேட்டிருந்தாள்.

கீழே என் பதில் இருந்தது. ‘எடு. இதையெல்லாமா எங்கிட்ட கேக்கணும்?’

அவள் போனை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். நான் கதவைச் சாத்திக்கொண்டேன். இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு பிள்ளை தைரியமாக ஒரு சந்தேகம் கேட்டது, நான் கொடுத்த பதில் அது. வெட்கமாக இருந்தது. அதைவிட அதிகமாகப் பயமாக இருந்தது, சாலோமியின் முகத்தை நினைத்து.

மேலப்பாளையத்தில் காஜா முகைதீன் என்று ஒருவர் இருக்கிறார். ஆற்றில் விழுந்தவர்களை எடுத்துக் கொடுப்பவர், அதற்குக் காசு வாங்குவதில்லை. அன்று மாலையே அவர் வீட்டு வாசலில் போய் நின்றேன். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். அவர் திட்டவில்லை. ஷட்டர் திறந்து எத்தனை நாள் ஆச்சு என்று மட்டும் கேட்டார். ஏழு நாள் என்றேன்.

“அல்லா நாடுனா ஏதாவது மிச்சம் இருக்கும், சார். காலைல வாறேன்” என்றார்.

மறுநாள் தண்ணீர் தெளிந்திருந்தது. காஜாவும் இரண்டு ஆட்களும் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு கசத்தில் இறங்கினார்கள். நான் கயிற்றின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சாலோமி தன் கல்லில் இருந்து எழுந்து தடுப்பணை வரைக்கும் நடந்து வந்திருந்தார். எதற்காக மறுபடி தேடுகிறோம் என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

மூன்றாவது முறை முங்கி எழுந்த காஜாவின் கையில் மஞ்சளாக ஏதோ இருந்தது. மழைக்கோட்டு. உடைந்த கான்கிரீட்டில் நீட்டியிருந்த கம்பி அதன் முதுகு வழியாகக் குத்தி வந்திருந்தது. முன்பக்கம் பொத்தான் ஐந்தும் போட்டபடி இருந்தன. இரண்டு தோளும் அக்குள் வரை கிழிந்து போயிருந்தன. உள்ளே ஒன்றும் இல்லை. அவர்கள் மதியம் வரைக்கும் தேடினார்கள். ஷட்டர் தண்ணீரில் மீதி எல்லாம் போய்விட்டது என்று காஜா என்னிடம் பைய சொன்னார். கம்பியில் கொஞ்சம் தலைமுடி இருந்ததை அவர் சாலோமியிடம் காட்டவில்லை. ஒரு துணியில் சுற்றி என்னிடம்தான் கொடுத்தார்.

கோட்டின் பையில் பிளாஸ்டிக் உறைக்குள் நோட்டு இருந்தது. ஓரமெல்லாம் ஊறியிருந்தாலும் பென்சில் எழுத்து அழியவில்லை.

அதைக் கையில் வைத்துக்கொண்டு சாலோமியிடம் போனேன். சொல்லாமல் இருந்திருக்கலாம். அவருக்கு இந்தக் கணக்கெல்லாம் தெரியாது, கேட்கவும் மாட்டார். ஆனால் வழியில் இருபது அடி நடப்பதற்குள் ஸ்டெபியின் வெளுத்த முகம் நினைவுக்கு வந்தது. நாளைக்கு யாராவது அந்தப் பிள்ளையின் தலையில்தான் இதைக் கட்டுவார்கள். நானே ஒரு தரம் கட்டியாகிவிட்டது.

அவருக்குப் பக்கத்தில் சிமெண்ட் தரையில் உட்கார்ந்து சொன்னேன். புரோகிராம் எப்படி நடக்கும், எப்படி நிற்கும், நின்றால் என்ன எழுதும் என்று சொன்னேன். கசத்தில்தான் அது அதிகம் நின்றது என்றும், அந்த வரிகளை எடுத்ததால் காட்டுக்கு ஆளை அனுப்பினேன் என்றும் சொன்னேன். என் வாழ்க்கையிலேயே இவ்வளவு பொறுமையாக யாருக்கும் நான் பாடம் நடத்தியதில்லை. அவர் ஆற்றைப் பார்த்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார்.

“படகு வந்தப்போ அவிய இங்கனதான் இருந்தாவளா?”

“ஆமா.”

“எட்டாம் நாள் வரைக்கும்?”

“ஆமா, டீச்சர்.”

“அங்கனயே இருந்தாவ. அதனால எண்ணாம விட்டுட்டிய.”

அந்த வரிகளை யார் எடுத்தது என்று கேட்டார். ஒரு பிள்ளை எடுத்தது, எடுக்கவா என்று என்னைக் கேட்டது, எடு என்றது நான் என்றேன். அதற்கும் தலையை ஆட்டினார். என்னை அடித்திருந்தால் தாங்கியிருப்பேன். ஆற்று மண்ணை வாரித் தூற்றியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது.

உடல் இல்லாவிட்டாலும் அடக்கம் செய்ய சபைப் போதகர் ஐயர் ஒத்துக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து, ஒரு சின்னப் பெட்டியில் மழைக்கோட்டை மடித்து வைத்து, காஜா கொடுத்த துணியையும் நானே உள்ளே வைத்து, அந்த ஆறடி இடத்தில் இறக்கினார்கள். பெட்டி இரண்டரை அடிதான் இருந்தது. குழியை முன்னாலேயே முழு அளவுக்கு வெட்டிவிட்டார்கள். சுற்றி இருந்த இடத்தையெல்லாம் மண் போட்டு நிரப்ப ரொம்ப நேரம் ஆயிற்று. காஜா முகைதீன் வாசலில் நின்றிருந்தார். ஸ்டெபி வந்திருந்தாள், வேப்பமரத்துக்குப் பின்னால் தள்ளி நின்றாள். நான் போய் மன்னிப்புக் கேட்டேன். சரி சார் என்றாள். அந்த வாரமே எங்கள் ஆராய்ச்சியில் இருந்து விலகிக்கொண்டாள்.

எல்லோரும் போன பிறகு சாலோமி நோட்டைக் கேட்டார். அது ஆராய்ச்சியின் சொத்து, பதிவு செய்துவிட்டுத் தருகிறேன் என்று வேறு யாரிடமாவது சொல்லியிருப்பேன். பேசாமல் கொடுத்தேன். அவர் கல்லறைச் சுவரில் சாய்ந்துகொண்டு பக்கங்களைப் பிரித்தார். ஈரத்தில் ஒட்டிக்கொண்டிருந்ததால் தையல்காரக் கையால் ஒவ்வொன்றாகப் பிரித்தார். நடுவில் ஒரு பக்கத்தில் நின்றார். தேதி, 0.42. தேதி, 0.42. பக்கம் முழுக்க மேலிருந்து கீழ்வரை அதுதான், அடுத்த பக்கத்திலும் பாதிக்கு மேல் அதுதான். விரலை வைத்து ஒவ்வொரு வரியாக வாய்க்குள் எண்ணினார். முப்பத்தெட்டு வரைக்கும் எண்ணினார்.

பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தார். குரலில் கோபமே இல்லை, தெரியாததைக் கேட்பது போலத்தான் கேட்டார்.

“இதுலயும் ஒண்ண மட்டும் வச்சிட்டு மத்தத எடுத்துருவியளா, சார்?”